ஆறு பொருள்களும் நான்கு மத்ஹபுகளும்: இஸ்லாமியச் சட்டத்தில் கருத்து வேறுபாடு பிறக்கும் இடம்

இஸ்லாமியச் சட்டத்தின் மூலாதாரங்கள் எவை என்று கேட்டால், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் நான்கைச் சொல்வார்: குர்ஆன், சுன்னா, இஜ்மா, கியாஸ். குர்ஆன் இறைவேதம். சுன்னா என்பது நபிகள் நாயகத்தின் சொல், செயல், அங்கீகாரம். அதை ஹதீஸ்கள் வழியே அறிகிறோம். இஜ்மா என்பது ஒரு காலத்துச் சட்ட அறிஞர்கள் ஒரு தீர்ப்பில் ஒருமித்து நிற்பது. கியாஸ் என்பது நேரடிச் சட்டம் இல்லாத ஒரு விஷயத்தை, சட்டம் உள்ள இன்னொன்றோடு ஒப்பிட்டு முடிவு காண்பது.

சுன்னி முஸ்லிம்களின் நான்கு மத்ஹபுகளான ஹனஃபீ, மாலிகீ, ஷாஃபிஈ, ஹன்பலீ ஆகியவை இந்த நான்கையும் ஏற்கின்றன. ஆயினும் ஒரே கேள்விக்கு அவை பல நேரங்களில் வெவ்வேறு விடை தருகின்றன. அதற்குக் காரணம் மூலாதாரங்களின் பட்டியலில் இல்லை. அவற்றைக் கையாளும் முறையில் இருக்கிறது. இந்த முறையை ஆராயும் கல்விக்கு உஸூலுல் ஃபிக்ஹ் என்று பெயர். எந்த ஹதீஸை எந்த நிபந்தனையோடு ஏற்பது, ஒரு சட்டத்தின் காரணத்தை எப்படிக் கண்டறிவது, ஒப்பிட்டுப் பெற்ற முடிவை எப்போது கைவிடுவது என்ற மூன்று இடங்களில்தான் பாதைகள் முக்கியமாகப் பிரிகின்றன. வணிகச் சட்டத்திலிருந்து எடுத்த உதாரணங்கள் இம்மூன்றையும் தெளிவாகக் காட்டும்.

ஊர்களும் இமாம்களும்

இமாம் அபூ ஹனீஃபா (699–767) இராக்கின் கூஃபா நகரைச் சேர்ந்தவர். பல இனத்தவரும் புதிய வணிக முறைகளும் கலந்த ஊர் அது. அரசியல், சமயப் பிளவுகளால் இட்டுக்கட்டிய ஹதீஸ்களும் அங்கே உலவின. எனவே கூஃபாவின் அறிஞர்கள் ஹதீஸை ஏற்பதில் கூடுதல் நிபந்தனை வைத்தார்கள். ஒப்பீட்டு முறையை விரிவாகப் பயன்படுத்தினார்கள்.

இமாம் மாலிக் (மறைவு 795) வாழ்ந்தது மதீனாவில். நபிகள் நாயகம் வாழ்ந்து, தீர்ப்பு வழங்கி, அடக்கமான ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் செய்துவந்த வழக்கமே நபிவழிக்கு வலுவான சான்று என்று அவர் கருதினார். அவருடைய ‘முவத்தா’ நூலில் ஹதீஸ்களோடு மதீனாவாசிகளின் வழக்கமும் சேர்ந்தே பதிவாகியுள்ளது.

இமாம் ஷாஃபிஈ (767–820) காஸாவில் பிறந்தவர். மதீனாவில் மாலிக்கிடம் பயின்றார். பிறகு இராக்கில், அபூ ஹனீஃபாவின் மாணவரான முஹம்மத் அஷ்ஷைபானீயிடம் ஹனஃபீ சட்டத்தையும் கற்றார். இரு தரப்பையும் உள்ளிருந்து அறிந்த அவர், மூலாதாரங்களுக்கு வரிசையும் வரம்பும் வகுத்து ‘அர்ரிஸாலா’வை எழுதினார். உஸூல் துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழுநூலாக அது கருதப்படுகிறது. பாக்தாதின் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (780–855), பெரும் ஹதீஸ் தொகுப்பான ‘முஸ்னத்’ தந்தவர். ஹதீஸ் கிடைக்கும் இடத்தில் ஒப்பீட்டுக்கு இடமில்லை என்பதில் உறுதியாக நின்றார்.

முதல் இடம்: ஹதீஸை ஏற்கும் நிபந்தனை

ஏராளமானோர் ஏராளமானோருக்கு அறிவித்து வந்த ஹதீஸ் ‘முத்தவாத்திர்’ எனப்படும். அதன் உறுதியில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் சட்டம் தொடர்பான ஹதீஸ்களில் பெரும்பாலானவை ஓரிருவர் அல்லது சிலர் வழியாகவே வந்தவை. இவை ‘ஆஹாத்’ எனப்படும். சிக்கல் இவற்றில்தான்.

ஒருவர் தம் வீட்டை இன்னொருவருக்கு விற்கிறார். விலை பேசி, இருவரும் சம்மதித்துவிட்டார்கள். அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கும் முன் விற்றவர் மனம் மாறுகிறார். பேரத்தை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா? விற்பவரும் வாங்குபவரும் பிரிந்து செல்லாத வரை இருவருக்கும் அந்த உரிமை உண்டு என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதை அறிவித்தவர் நபித்தோழர் இப்னு உமர். அவரிடமிருந்து நாஃபிஉ, அவரிடமிருந்து மாலிக் என்று வரும் தொடரை, மிக நம்பகமான தொடர் என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் போற்றுகிறார்கள்.

மாலிக் இந்த ஹதீஸைத் தம் நூலிலேயே பதிவு செய்கிறார். ஆனால் அதன்படி தீர்ப்புச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்கு மதீனாவில் அறியப்பட்ட வரையறையும் இல்லை, அப்படியொரு நடைமுறையும் இல்லை என்பது அவர் காட்டும் காரணம். ஓர் ஊரே பார்த்து வளர்ந்த வழக்கம், தனிநபர் அறிவிப்பைவிட உறுதியானது என்பது அவர் கொள்கை.

ஹனஃபீகளும் இதே முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் வழி வேறு. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. சம்மதம் கிடைத்த நொடியில் ஒப்பந்தம் முழுமையாகிவிடுகிறது. எனவே ஹதீஸில் வரும் ‘பிரிதல்’ என்பது உடலால் பிரிவதன்று, பேச்சு முடிவதே என்று அவர்கள் பொருள் கொள்கிறார்கள். ஒருவர் கேட்டு மற்றவர் ஒப்புக்கொள்ளும் முன்புவரைதான் பின்வாங்கும் உரிமை.

ஷாஃபிஈயும் அஹ்மதும் ஹதீஸை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்தார்கள். அறிவிப்பாளர் தொடர் சரியாக இருந்தால், ஓர் ஊரின் வழக்கம் அதைத் தள்ள முடியாது என்பது ஷாஃபிஈயின் வாதம். ஹதீஸை அறிவித்த இப்னு உமரே, ஒரு வியாபாரம் உறுதியாக வேண்டும் என்று விரும்பினால் எழுந்து சில எட்டு நடப்பார் என்ற செய்தியும் அவர்களுக்குச் சான்று. ஆக, வீட்டை விற்றவர் ஷாஃபிஈ, ஹன்பலீ சட்டப்படி பின்வாங்கலாம். ஹனஃபீ, மாலிகீ சட்டப்படி முடியாது. நால்வரும் ஏற்கும் ஒரே ஹதீஸின் மேல் எழுந்த வேறுபாடு இது.

இரண்டாம் இடம்: சட்டத்தின் காரணம்

கியாஸுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. சட்டம் ஏற்கெனவே உள்ள மூல விஷயம் ‘அஸ்ல்’. சட்டம் தேடப்படும் புதிய விஷயம் ‘ஃபர்உ’. மூல விஷயத்துக்குரிய தீர்ப்பு ‘ஹுக்மு’. இரண்டையும் இணைக்கும் காரணம் ‘இல்லத்’. நான்கில் கடினமானது இல்லத்தைக் கண்டறிவதுதான்.

இல்லத்தும் சட்டத்தின் நோக்கமும் ஒன்றல்ல. பயணி தொழுகையைச் சுருக்கலாம். அதன் நோக்கம் சிரமத்தைக் குறைப்பது. ஆனால் சிரமத்தை அளக்க முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே வெளிப்படையாகத் தெரிகிற, மாறாத ஒன்றான பயணமே இல்லத் ஆகிறது. சொகுசாகப் பயணம் செய்பவருக்கும் சலுகை உண்டு; ஊரிலேயே கல் சுமக்கும் தொழிலாளிக்கு இல்லை. மாணவர்கள் தேர்வில் அதிகம் குழம்பும் இடம் இது.

இனி, சட்ட நூல்கள் அனைத்தும் பேசும் புகழ்பெற்ற வழக்கு. தங்கம், வெள்ளி, கோதுமை, பார்லி, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறு பொருள்களை அதே இனத்தோடு மாற்றினால் அளவு சமமாக இருக்க வேண்டும், கைக்குக் கை உடனே கொடுக்கவும் வேண்டும். இனம் வேறானால் அளவு கூடக் குறைய இருக்கலாம், ஆனால் கைமாற்றம் உடனே நடக்க வேண்டும் என்று ஒரு ஹதீஸ் சொல்கிறது. உபாதா இப்னு ஸாமித் அறிவித்த இது முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. மீறினால் அது ‘ரிபா’, அதாவது தடுக்கப்பட்ட வட்டி.

தரம் வேறாக இருந்தாலும் விதி மாறாது. கைபரிலிருந்து ஒருவர் உயர்ந்த ரகப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். மட்டரகத்தில் இரண்டு ஸாஉ கொடுத்து இதில் ஒரு ஸாஉ வாங்குகிறோம் என்றார். நபிகள் நாயகம் அதைத் தடுத்து, மட்டரகத்தை வெள்ளிக்காசுக்கு விற்று, அந்தக் காசால் உயர்ந்ததை வாங்கும்படி சொன்னார்.

கேள்வி இதுதான்: ஹதீஸில் அரிசி இல்லை, மாதுளை இல்லை, இரும்பு இல்லை, காகிதப் பணமும் இல்லை. இவற்றுக்கும் இந்த விதி பொருந்துமா? விடை, அந்த ஆறு பொருள்களிலும் இல்லத் எது என்பதைப் பொறுத்தது.

ஹனஃபீ அறிஞர்கள் ஹதீஸ் கேட்கும் ‘சமம்’ என்ற நிபந்தனையிலிருந்து தொடங்குகிறார்கள். இரு பொருள்கள் சமம் என்பது முகத்தலாலோ நிறுத்தலாலோதான் தெரியவரும். கைபர் அறிவிப்பு ஒன்றின் இறுதியில் நிறுக்கப்படும் பொருள்களும் அவ்வாறே என்ற கருத்து வருவதும் அவர்களுக்குத் துணை. எனவே இல்லத், முகந்தோ நிறுத்தோ விற்கப்படும் தன்மை. அதனுடன் இனமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஷாஃபிஈ ஆறு பொருள்களையும் இரண்டாகப் பிரிக்கிறார். தங்கத்திலும் வெள்ளியிலும் இல்லத், பொருள்களுக்கு விலையாக நிற்கும் தன்மை. மற்ற நான்கில் அது உணவாக இருப்பது. உணவுக்கு உணவு சமத்துக்குச் சமம் என்ற கருத்தில் வரும் மற்றொரு ஹதீஸே இதற்குச் சான்று: விதியை ‘உணவு’ என்ற சொல்லோடு இணைத்துச் சொன்னதால் உணவு என்பதே காரணம் என்கிறார். இராக்கில் இருந்தபோது அவர், உணவாக இருப்பதோடு முகக்கவோ நிறுக்கவோ படுவதாகவும் இருக்க வேண்டும் என்றார். எகிப்துக்குச் சென்றபின் உணவு என்பது மட்டுமே போதும் என்று மாற்றிக்கொண்டார். உப்பு எப்படி உணவாகும் என்ற கேள்விக்கு, உடலைச் சீராக்க உண்ணும் மருந்து போன்றவற்றுக்கு உப்பு மாதிரி என்று ஷாஃபிஈ அறிஞர்கள் விடை சொல்கிறார்கள்.

மாலிகீகளும் இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள். ஆனால் உணவிலே எல்லாவற்றையும் சேர்ப்பதில்லை. உயிர்வாழ ஆதாரமானதாகவும் சேமித்து வைக்கத் தக்கதாகவும் உள்ள உணவில்தான் அளவு கூடுவது ரிபா. கோதுமையும் பேரீச்சையும் அப்படிப்பட்டவை. அவற்றைச் சுவையாக்கிப் பாதுகாக்கும் உப்பும் அவற்றோடு சேரும். அஹ்மதிடமிருந்து மூன்று கருத்துகள் பதிவாகியுள்ளன. அவற்றில் பிரபலமானது ஹனஃபீ கருத்தை ஒத்தது.

நான்கு பொருள்களில் சோதனை

அரிசியை முதலில் எடுக்கலாம். அது முகக்கவும் நிறுக்கவும் படுகிறது, உணவாகிறது, சேமிக்கத் தக்க முதன்மை உணவாகவும் இருக்கிறது. மூன்று இல்லத்துகளும் அதில் கூடுகின்றன. எனவே இரண்டு படி மட்டரக அரிசிக்கு ஒரு படி நல்லரிசி மாற்றுவதை நான்கு மத்ஹபுகளும் தடுக்கின்றன. வழி வேறு, முடிவு ஒன்று.

மாதுளைக்கு வந்ததும் பாதைகள் பிரிகின்றன. ஷாஃபிஈ சட்டத்தில் அது உணவு. ஒன்றுக்கு இரண்டு கூடாது. மாலிகீ சட்டத்தில் அது முதன்மை உணவல்ல. ஒன்றுக்கு இரண்டு ஆகும், உடனே கைமாற வேண்டும். ஹனஃபீ சட்டத்தில் விடை சந்தையைப் பொறுத்தது: எண்ணி விற்கும் வழக்கம் உள்ள இடத்தில் ஒன்றுக்கு இரண்டு கைக்குக் கை ஆகும், எடைபோட்டு விற்கும் இடத்தில் ஆகாது. ஹதீஸில் பெயர் வராத பொருள்களுக்கு மக்கள் வழக்கமே அளவுகோல் என்பது ஹனஃபீ விதி. பெயர் வந்த ஆறு பொருள்களுக்கும்கூட வழக்கமே அளவுகோல் என்று அபூ ஹனீஃபாவின் மாணவர் அபூ யூஸுஃப் ஒரு படி மேலே சென்றார்.

இரும்பில் நிலைமை தலைகீழாகிறது. அது எடைபோட்டு விற்கப்படுவதால் ஹனஃபீ சட்டத்தில் இரண்டு கிலோவுக்கு ஒரு கிலோ கூடாது. உணவுமல்ல, பணமுமல்ல என்பதால் ஷாஃபிஈ, மாலிகீ சட்டங்களில் தடை இல்லை. ஆக, ‘இந்த மத்ஹப் கடுமையானது, அந்த மத்ஹப் இலகுவானது’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மாதுளையில் கடுமை காட்டும் ஷாஃபிஈ சட்டம் இரும்பில் தளர்கிறது.

ஓர் இல்லத் சரியானதா என்று எதிர்த்தரப்பு சோதிப்பதும் இங்கேதான். தங்கத்தின் இல்லத் எடை என்றால் ஒரு சிக்கல் வரும் என்று ஷாஃபிஈ தரப்பு சுட்டுகிறது. பணத்தை முன்னதாகக் கொடுத்துச் சரக்கைப் பின்னர் பெறும் ‘ஸலம்’ ஒப்பந்தத்தில், தங்கம் கொடுத்து இரும்புக்கு ஏற்பாடு செய்வதை அனைவரும் அனுமதிக்கிறார்கள். இரண்டுமே எடைப் பொருள்கள் என்றால் தவணை கூடாதே என்பது கேள்வி. தங்கத்தை நிறுக்கும் முறையும் இரும்பை நிறுக்கும் முறையும் வேறு. எனவே இரண்டும் ஒரே அளவைக்குள் வரா என்பது ஹனஃபீகளின் பதில். காரணம் இருந்தும் சட்டம் இல்லாத ஓர் இடத்தைக் காட்டி இல்லத்தை உடைக்கும் இந்த உத்தியை ‘நக்ளு’ என்பார்கள்.

நான்காவது காகிதப் பணம். பழைய நூல்களை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் சங்கடம் உண்டு. ரூபாய்த் தாள் உணவல்ல, எடைபோட்டு விற்பதுமல்ல. விலையாக நிற்கும் தன்மை தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மட்டுமே உரியது, செப்புக்காசுக்குக்கூடச் செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. ஆனால் மாலிக், மக்கள் தோலையே முத்திரையிட்டுப் பணமாக வழங்கினால் அதைத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் தவணையில் விற்பதைத் தாம் வெறுப்பதாகச் சொன்னது ‘முதவ்வனா’வில் பதிவாகியுள்ளது. பணமாக நிற்கும் தன்மை உலோகத்தில் இல்லை, மக்கள் வழக்கில் இருக்கிறது என்பதே இதன் உட்பொருள். இந்தத் திசையிலேயே 20ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் சென்றார்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் கூடியபோது, காகித நாணயங்களுக்கு முழுமையான பணத்தன்மை உண்டு, வட்டி, ஸகாத் முதலிய சட்டங்கள் அவற்றுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தது.

இந்த விவாதம் முழுவதையும் ஏற்காத தரப்பும் உண்டு. தாவூத் அழ்ழாஹிரீ (மறைவு 884) தொடங்கிய ழாஹிரீ மத்ஹப் கியாஸையே மறுத்தது. அதன் பெரும் அறிஞரான ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) பார்வையில், ஹதீஸ் ஆறு பொருள்களைச் சொன்னது. ஏழாவதைச் சேர்க்க எவருக்கும் அதிகாரமில்லை. எனவே அரிசிக்கும் இந்த விதி இல்லை. ஷீஆக்களின் ஜஅஃபரீ மத்ஹபும் கியாஸை ஏற்பதில்லை. அதன் நான்காவது மூலாதாரம் ‘அக்ல்’, அதாவது பகுத்தறிவு.

மூன்றாம் இடம்: ஒப்பீட்டைக் கைவிடுதல்

ஒப்பிட்டுப் பெற்ற முடிவு நடைமுறையில் இடர் தந்தால் என்ன செய்வது? ஒருவர் செருப்புத் தைப்பவரிடம் அளவு கொடுத்து, செருப்பு செய்துதரச் சொல்கிறார். பேரம் நடக்கும்போது செருப்பு இல்லை. கைவசம் இல்லாததை விற்கக் கூடாது என்பது பொது விதி. கியாஸின்படி இந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனால் மக்கள் காலங்காலமாக இப்படித்தான் செய்துவருகிறார்கள்; எவரும் ஆட்சேபித்ததில்லை. எனவே ஹனஃபீகள் இங்கே கியாஸை விட்டு ‘இஸ்திஹ்ஸான்’ முறையில் இதை அனுமதிக்கிறார்கள். இந்த ஒப்பந்தத்துக்கு ‘இஸ்திஸ்னாஉ’ என்று பெயர்.

ஷாஃபிஈ இஸ்திஹ்ஸானைக் கடுமையாக எதிர்த்தார். ஆதாரமின்றி ஒன்றை நல்லது என்று முடிவு செய்வது, தானே சட்டம் இயற்றுவதாகும் என்றார். அவருடைய மத்ஹபில் மேற்படிச் செருப்பு ஒப்பந்தம் ஸலம் விதிகளுக்கு உட்பட்டால்தான் செல்லும்: முழுப்பணமும் அங்கேயே கொடுக்கப்பட வேண்டும், பொருளின் தன்மை தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். எனினும் ஹனஃபீகள் சொல்லும் இஸ்திஹ்ஸான் மனம்போன போக்கன்று. குர்ஆன் ஹதீஸ் சான்று, இஜ்மா, தவிர்க்க முடியாத தேவை, நுண்ணிய வேறொரு கியாஸ் ஆகியவற்றில் ஒன்று அதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் இஸ்திஹ்ஸானை ‘சொந்த விருப்பம்’ என்று எழுதுவது தேர்வில் வழக்கமாக நேரும் பிழை.

மாலிகீகள் இதே தேவைக்கு ‘மஸ்லஹா முர்ஸலா’ என்ற பொதுநலக் கோட்பாட்டை நாடுகிறார்கள். சாயமிடக் கொடுத்த துணி தொழிலாளியிடம் காணாமற்போகிறது. அவர் கையில் அது அமானிதம். அலட்சியம் நிரூபணமானால்தான் பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் அப்படி விட்டால் மக்கள் உடைமைக்குக் காப்பில்லை. எனவே தொழிலாளியே ஈடு தரவேண்டும் என்று மாலிகீ சட்டம் சொல்கிறது. இதற்கு கலீஃபா அலீ வழங்கியதாக அறிவிக்கப்படும் தீர்ப்பு முன்மாதிரி.

வேறுபாட்டை விளக்கும் வரிசை

ஒரு கருத்து வேறுபாட்டை விளக்கும் விடையில் தீர்ப்புகளை மட்டும் அடுக்குவது போதாது. எல்லாரும் ஏற்கும் சான்று எது என்பது முதலில் வரவேண்டும். அடுத்து, அந்தச் சான்றின் உறுதியிலா, பொருளிலா, காரணத்திலா வேறுபாடு என்பதைக் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு மத்ஹபின் வாதம், கடைசியில்தான் தீர்ப்பு. முடிவு ஒன்றாக இருந்து வழி வேறாக இருக்கும் அரிசி போன்ற உதாரணமும், முடிவும் வேறாகும் மாதுளை போன்ற உதாரணமும் ஒவ்வொன்று இருந்தால் விடை முழுமை பெறும்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபீகளும் வாழ்கிறார்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். வயதுவந்த பெண்ணின் திருமணத்துக்கு ‘வலி’ எனும் பொறுப்பாளர் கட்டாயம் என்பது ஷாஃபிஈ சட்டம். அவர் இன்றியும் திருமணம் செல்லும் என்பது அபூ ஹனீஃபாவின் கருத்து. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்று, ஷாஃபிஈ பெண்ணின் திருமணத்துக்கு வலியின் பங்கு தேவை என்று தனியே குறிப்பிட்டது.